பேனாக் கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

*ஐயா, எனக்கு 26 வயது. பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை மீது எனக்கு மிகுந்த மதிப்பு, பிடித்தமும் உண்டு. அவரிடம் இதுவரை எதுவும் சொன்னதில்லை. அவர் மைப் பேனாவில்தான் எழுதுவார். அடுத்த மாதம் அவர் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கித் தர ஆசை. 2000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எனக்குப் பேனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடை வாசல் வரை போய் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். "யாருக்கு?" என்று கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது? என்ன பேனா கேட்பது?*

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "கூட வேலை பார்க்கிறவங்களுக்கு" என்று சொன்னால் போதும், அதுவே உண்மையும்கூட. பேனா விற்பவனுக்கு, வாங்கிக்கொள்ளப் போகிறவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தேவையே இல்லாத தகவல். எனக்குத் தெரிய வேண்டியது அவர் எப்படி எழுதுவார் என்பதுதான்: எந்தக் கையில், எவ்வளவு பெரிய எழுத்தில், எந்தத் தாளில், இப்போது எந்தப் பேனாவில். இந்த நாலுக்கும் பதில் இருந்தால் நல்ல பேனா எடுத்துக் கொடுத்துவிடலாம். இது தெரியாமல் விலையை மட்டும் சொல்லி வாங்கிப் போகிற பேனா பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும்.

உங்களைப் போலவே ஒரு தம்பி எங்கள் கடைக்கு வந்தார். அவர் கதையைச் சொன்னால் உங்களுக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது. ஆள் யாரென்று தெரியாதபடி ஒன்றிரண்டை மாற்றித்தான் சொல்கிறேன்.

சாயங்காலம், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். கண்ணாடி அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார், நான் நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று ஒரு பால் பாயிண்ட் பேனாவை எடுத்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். கூட்டம் குறைந்த பிறகு கிட்டே வந்து, அலமாரியில் வெல்வெட் பெட்டிக்குள் இருந்த தங்க முலாம் பூசிய பேனாவைக் காட்டி, "அண்ணே, அது நல்லா எழுதுமா?" என்றார். "யாரு எழுதப் போறது?" என்று கேட்டேன். கேட்ட உடனே முகம் மாறிப்போயிற்று. "ஒருத்தவங்க... தெரிஞ்சவங்க" என்று இழுத்தார். சரி, இந்த வழியில் போனால் ஆள் ஓடிவிடுவார் என்று தோன்றியது. "எந்தக் கையில எழுதுவாங்க?" என்றேன்.

"இடது கை." யோசிக்கவே இல்லை. அதுவரை வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர், அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

அதற்கப்புறம் நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார். அவர் வேலை பார்ப்பது ஒரு ஜெராக்ஸ் கடையில். அந்தப் பெண் டிஎன்பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்கிறவர். கையால் குறிப்பு எழுதி, கூடப் படிக்கிற தோழிகளுக்காக அதைப் பிரதி எடுக்க அந்தக் கடைக்குத்தான் வருவார். லாங் சைஸ் நோட்டு, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருப்பார். மை மறுபக்கம் ஊறியிருக்கும், அதனால் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்தால் பின்பக்கத்து எழுத்தும் சாம்பல் நிறத்தில் இடவலம் மாறித் தெரியும். இந்தத் தம்பி என்ன செய்வாராம், அவர் நோட்டு வரும்போது மட்டும் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகி, மெஷினில் கறுப்பின் அளவையும் ஒரு படி குறைத்து எடுப்பாராம். அடியில் கறுப்பு இருந்தால் பின்பக்கத்து எழுத்து அதோடு கலந்து மறைந்துவிடும், பிரதி சுத்தமாக விழும். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அட்டை மாற்றிக்கொண்டு இருக்க யாருக்கும் நேரம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மெஷினில் சிக்கிப் பாதி கசங்கி வந்த வீண் பிரதி. அதைப் பார்த்தவுடன் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. எழுத்து பொடி எழுத்து, ஒரு கோட்டுக்குள் உயரத்தில் பாதிதான் இருந்தது. அந்த அளவு எழுத்துக்கு அவர் வைத்திருந்த நிப் ரொம்பத் தடிமன். நம் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ள, ழ, இவற்றின் சுழிக்குள்ளே இருக்கும் வெள்ளை, தடித்த நிப்பில் மையால் அடைந்துபோகும். அந்தத் தாளில் பல ‘ண’ கறுப்புப் பொட்டாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் இதே நிப் அழகாகக்கூட எழுதும், பொடி எழுத்துத் தமிழுக்கு ஆகாது. இன்னொன்றும் இருந்தது. எழுதிய வரிகள் மேல் இடமும் வலமுமாக லேசான இழுவல், மை காயுமுன்னே கை பட்ட தடம்.

பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இதைக் கிழிச்சுப் போட்டிருங்க தம்பி, அவங்க நோட்டு, அவங்க கொடுத்ததை மட்டும் வச்சிருக்கலாம்" என்றேன். அங்கேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். உங்களுக்கும் இதைச் சொல்வேன். எழுத்து மாதிரி வேண்டும் என்பதற்காக அவர் நோட்டைப் படம் பிடிக்காதீர்கள், எடுத்து வராதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் எந்தக் கடைக்காரனுக்கும் புரியும். ‘இந்த அளவு எழுதுவாங்க’ என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக் காட்டலாம்.

இப்போது இடது கை விஷயம். வலது கைக்காரர் இடமிருந்து வலம் எழுதும்போது நிப்பை இழுத்துக்கொண்டு போகிறார், கை எழுதாத பக்கம் நோக்கி நகர்கிறது. இடது கைக்காரர் நிப்பைத் தள்ளுகிறார், கை எழுதிய பக்கத்தில் இருக்கிறது. தள்ளும்போது நிப் முனை கூர்மையாக இருந்தால் தாளைக் குத்தும், நார் பிடுங்கும். ஆனால் இடது கைக்காரர் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. சிலர் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு கையை வரிக்குக் கீழே வைத்து எழுதுவார்கள், அவர்களுக்கு மை ஈஷிக்கொள்ளும் தொல்லையே கிடையாது, சாதாரணப் பேனாவே போதும். சிலர் மணிக்கட்டை வளைத்துக் கையை வரிக்கு மேலே வைத்து எழுதுவார்கள், அவர்களுக்குத்தான் மை சீக்கிரம் காய வேண்டும். "மேலயா, கீழயா?" என்று கேட்டேன். அந்தத் தம்பிக்கு அது மட்டும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல், "நாளைக்குப் பாத்துச் சொல்றேன் அண்ணே" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் வந்து, "மேல. கொக்கி மாதிரி வளைச்சு" என்றார், கையையும் வளைத்துக் காட்டினார்.

அதற்குள் தங்கப் பேனா ஆசை அவருக்கு இன்னும் போகவில்லை. அதை எடுத்துக் கையில் கொடுத்தேன். உலோகப் பேனா, கனம். மூடியைப் பின்னால் செருகினால் கனம் முழுவதும் பின்னால் இழுக்கும். கையெழுத்துப் போட அது சரி. ஒரு நாளைக்கு மணிக்கணக்கில் குறிப்பு எழுதுகிற கைக்கு இரண்டாவது பக்கத்திலேயே விரல் வலிக்கும். அதில் இருந்ததும் நடுத்தர நிப், ஏற்கெனவே இருக்கிற தொல்லையை அது கூட்டும், குறைக்காது. பாதி விலைக்கும் குறைவான பிளாஸ்டிக் பேனா அவர் வேலைக்குப் பொருந்தும் என்று சொன்னபோது, மலிவாக இருந்தால் மரியாதை இல்லையோ என்று தயங்கினார். நான் வாதாடவில்லை. பக்கத்துக் கடையில் அதே கம்பெனி லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.

கடையில் பேனா சோதிக்கக் கொடுக்கிற தாள் எப்போதும் நல்ல வழவழப்பான தாளாக இருக்கும், அதில் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். அதனால்தான் அவர் எழுதப்போகும் தாளிலேயே சோதிக்க வேண்டும் என்கிறேன். அந்த நோட்டில் தடித்த நிப், நடுத்தர நிப், மெல்லிய நிப் மூன்றையும் ஒரே நீல மையில் தொட்டு ஒரே வரியை எழுதினேன். தாளைத் திருப்பிப் பார்த்தால் தடித்த நிப்பின் வரி புள்ளி புள்ளியாக மறுபக்கம் வந்திருந்தது, நடுத்தரத்தில் நிழலாகத் தெரிந்தது, மெல்லியதில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அப்புறம் மறுபடி எழுதி, சில நொடி விட்டு விட்டு விரலால் தேய்த்துப் பார்த்தோம். மெல்லிய நிப்பின் மைதான் முதலில் காய்ந்தது. காரணம் எளிது, அது தாளில் இறக்குகிற மை குறைவு.

சீக்கிரம் காய்கிற மை என்றே தனியாக விற்கிறார்களே, அதைக் கொடுக்கலாமே என்று அவரே கேட்டார், நல்ல கேள்வி. அந்த மாதிரி மைகள் பெரும்பாலும் தாளுக்குள் வேகமாக இறங்குவதால்தான் சீக்கிரம் காய்கின்றன. மட்டமான தாளில் அப்படி இறங்கினால் மறுபக்கம் ஊறும், எழுத்தோரம் பிசிறடிக்கும். அவர் தொல்லையில் ஒன்று தீர்ந்தால் இன்னொன்று கூடும். நிப்பை மெல்லியதாக்கினால் இரண்டும் ஒரு சேரக் குறையும், மை சாதாரண நீல மையாகவே இருக்கலாம். ஜப்பான் தயாரிப்புகளில் ‘ஃபைன்’ என்று போட்டிருப்பது பொதுவாக ஐரோப்பியப் பேனாக்களின் ‘ஃபைன்’ நிப்பைவிட மெல்லியதாக எழுதும். ஆகவே நிப்பில் போட்டிருக்கும் எழுத்தை மட்டும் நம்பாமல் எழுதிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவருக்கு ஜப்பான் நிப் ஒன்றை எடுத்தேன்.

எடுத்த நிப்பையும் அப்படியே கொடுக்கவில்லை. மெல்லிய நிப் தள்ளும்போது குத்தும் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நாலு திசையிலும் அழுத்தாமல் கோடு இழுத்தேன், அப்புறம் நிறுத்தாமல் எட்டு போட்டேன். நாலு திசையிலும் ஒரே மாதிரி லேசான உரசல் இருந்தால் அது மெல்லிய நிப்பின் இயல்பு. ஒரே ஒரு திசையில் மட்டும் கரகரவென்று இழுத்தால் நிப்பின் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் எடுத்த பேனா இடமிருந்து வலம் தள்ளும்போது கரகரத்தது. லென்ஸில் பார்த்தால் ஒரு கால் தலைமுடி அளவு தூக்கிக்கொண்டு இருந்தது. நகத்தால் மெல்ல அமுக்கியே அதைச் சரிசெய்யலாம், ஆனால் பரிசுக்குப் போகிறதே என்று வேறு பேனாவை எடுத்தேன். அது சரியாக இருந்தது. இந்த நாலு கோடு சோதனையை எந்தக் கடையிலும் நீங்களே செய்யலாம். ‘புதுசு அப்படித்தான் இருக்கும், எழுத எழுதச் சரியாயிடும்’ என்று சொன்னால் வேறொன்று கேளுங்கள். ஏறி இறங்கிய நிப் எழுத எழுதச் சரியாவதில்லை.

மை அடைக்கிற விதம் அடுத்தது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் பயன்படுத்திய பேனா, கழுத்தைக் கழற்றி இங்க் ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே மை ஊற்றுவது. நிறைய மை பிடிக்கும். ஆனால் மை கால்வாசிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகமாகி, கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், திடீரென்று நிப்பிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழும். நம் ஊர் வெயிலில் இது சகஜம். பழகியவர்கள் பாதியிலேயே நிரப்பிக்கொள்வார்கள். அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் சொட்டு விழுந்தால் எழுதியது போச்சு. அதனால் கன்வர்ட்டர் வைத்த பேனாவாக எடுத்தேன், உள்ளே சின்னக் குழாய், பின்பக்கத்தைத் திருகினால் மை ஏறும். பிடிப்பது ஒரு மில்லிக்கும் குறைவுதான், அடிக்கடி நிரப்ப வேண்டும், ஆனால் கக்காது. கூடவே ஒரு சிறிய நீல மைப் புட்டி. பேனா, கன்வர்ட்டர், மை மூன்றும் சேர்த்து அவர் கொண்டுவந்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

பணம் கொடுத்துவிட்டு நின்றார். "என்ன சொல்லிக் கொடுக்கிறது அண்ணே?" என்றார். "மை மறுபக்கம் ஊறுது, இதுல ஊறாதுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே" என்றேன். மூடியில் அவர் பெயரைப் பொறித்துத் தர முடியுமா என்றும் கேட்டார். முடியும், ஆனால் வேண்டாம் என்றேன். பெயர் பொறித்த பேனாவை மாற்ற முடியாது, நிப் கைக்குச் சரிவராவிட்டால் மாற்றுகிற வழி திறந்திருக்க வேண்டும். அதோடு, இப்போதுதான் பேசத் தொடங்குகிற ஒருவரிடமிருந்து தன் பெயர் பொறித்த பொருளை வாங்கிக்கொள்வது அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணே மை வாங்கக் கடைக்கு வந்தார், பெட்டியில் கடையின் முகவரி இருக்கிறதே. இடது கையில் அதே பேனாவால் எழுதிக் காட்டி, நிப் இன்னும் கொஞ்சம் ஈரமாக எழுதினால் நன்றாக இருக்கும் என்றார், சரிசெய்து கொடுத்தேன். ஜெராக்ஸ் கடைத் தம்பியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் அவர் ஏற்கெனவே மைப் பேனாக்காரர். கடைக்குப் போகுமுன் ஆசிரியர் அறையில் சாதாரணமாகக் கண்ணில் படுகிறதை மட்டும் கவனித்து வையுங்கள். எந்தக் கை. எழுதும்போது மூடியைப் பின்னால் செருகுவாரா, மேசையில் வைத்துவிடுவாரா. செருகுகிறவருக்குக் கனமான மூடி ஆகாது, செருகாதவருக்கு உடம்பு கொஞ்சம் நீளமான பேனா வேண்டும். நிப்புக்குப் பக்கத்தில் பிடிப்பாரா, தள்ளிப் பிடிப்பாரா. தள்ளிப் பிடிக்கிறவர் விரல் மூடியின் மரை மேல் போய் உட்காரும், மரை கூர்மையாக இருந்தால் வலிக்கும். இதற்காக அவர் பேனாவை வாங்கி எழுதிப் பார்க்க வேண்டாம், மைப் பேனாக்காரர்கள் பலர் தங்கள் பேனாவை அடுத்தவர் கையில் கொடுக்க விரும்பமாட்டார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது, அழுத்தி எழுதுகிறவர் கையில் போனால் நிப்பின் கால்கள் விரிந்துவிடும்.

முக்கியமாக, அவர் எப்படி மை நிரப்புகிறார் என்று பாருங்கள். இங்க் ஃபில்லரால் ஊற்றுகிறவர் என்றால் கன்வர்ட்டர் பேனா வாங்காதீர்கள். ஆசிரியர் எழுதுகிற அளவுக்கு அதிலிருக்கும் மை சீக்கிரம் தீர்ந்துபோகும், அவர் பழக்கத்துக்கு அது தொல்லையாகத்தான் இருக்கும். ஊற்றிப் பழகியவருக்குக் கக்குகிற தொல்லையைச் சமாளிக்கத் தெரியும், அவருக்கு ஊற்றுகிற பேனாவே கொடுங்கள். இந்த வகையில் நம் ஊரிலேயே அருமையான பேனாக்கள் கிடைக்கின்றன. திருவள்ளூரில் இன்றும் எபோனைட் கட்டையைக் கடைசலில் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கைப் போல வழுக்காது, கனமும் இருக்காது. ஆனால் இரண்டு சங்கதி தெரிந்து கொடுக்க வேண்டும்: புதிதில் லேசாகக் கந்தக வாடை வரும், வெயிலில் தொடர்ந்து கிடந்தால் கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பேறும். ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். இவற்றில் சில மாடல்கள் நன்றாகப் பருமனாக இருக்கும், அவர் கை சிறியது என்றால் மெலிந்த மாடலாகக் கேளுங்கள்.

அவர் விடைத்தாளை சிவப்பு மைப் பேனாவிலா திருத்துகிறார், பால் பாயிண்டிலா என்பதையும் பாருங்கள். மைப் பேனாவில்தான் திருத்துகிறார் என்றால், நான் இருந்தால் திருத்துவதற்கென்று மெல்லிய நிப் வைத்த இரண்டாவது பேனாவைத்தான் கொடுப்பேன், ஒரு சிவப்பு மைப் புட்டியோடு. விடைத்தாள்களின் தாள் பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும், ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நான் செய்த அதே நிப் சோதனை இங்கேயும் பொருந்தும். இன்னொரு நன்மை, நீங்கள் கொடுப்பது அவருடைய பழைய பேனாவுக்குப் போட்டியாக இருக்காது. வருஷக்கணக்காகக் கையில் பழகிய பேனாவை விட்டுவிட்டு யாரும் புதுசுக்கு மாற மாட்டார்கள், மாற வேண்டிய அவசியமும் இல்லை.

மை வாங்கும்போது பேனாவுக்கான சாதாரண மை என்று கேட்டு வாங்குங்கள். படம் வரைகிறவர்கள் பயன்படுத்தும் நீர்புகா இந்தியன் இங்க் தவறி வந்துவிட்டால் நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையின் மெல்லிய வரிகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீரில் போகாது. அப்படிப் போன பேனாக்கள் என்னிடம் பழுதுக்கு வருகின்றன, எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை.

2000 ரூபாய் முழுவதையும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பேனாவுக்குள்ளே மை ஓடும் விதம் 700, 800 ரூபாய்ப் பேனாவிலேயே நன்றாக இருக்கும், அதற்கு மேல் கூடுவதில் பெரும் பகுதி உடம்புக்கும் பூச்சுக்கும்தான். அது தவிர, அவரும் நீங்களும் ஒரே பள்ளியில் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் மற்ற ஆசிரியர்கள் கண்ணில் படும், பேச்சு கிளம்பும், பேச்சின் பாரம் முதலில் அவர் தலையில்தான் விழும். வீட்டுக்குக் கொண்டுபோய் யார் கொடுத்தது என்று கேட்டால் சங்கடமில்லாமல் பதில் சொல்லக்கூடிய பரிசாக இருக்கட்டும். கொடுக்கும்போது பேனாவையும் மனசில் இருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். கையில் பரிசை வாங்கிக்கொண்டவருக்கு அந்த நிமிஷத்தில் மறுத்துப் பேசுவது கஷ்டம். பேனாவைப் பிறந்தநாளுக்குக் கொடுங்கள். மற்றதை வேறொரு நாள், கையில் எதுவும் இல்லாமல் போய்ச் சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடைக்குக் காலை நேரத்தில் போங்கள், சாயங்காலக் கூட்டத்தில் எந்தக் கடைக்காரனுக்கும் நிப் சோதித்துக் கொடுக்கப் பொறுமை இருக்காது. பேச வாய் வரவில்லை என்றால் கவனித்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள்: வலது கை, சிறிய எழுத்து, மூடி செருக மாட்டார், ஃபில்லரால் ஊற்றுவார், சிவப்பு மை, விடைத்தாள். இவ்வளவு போதும். விடைத்தாளைப் போன்ற தாள் ஒன்றிரண்டு கையில் கொண்டுபோங்கள். சோதித்த பேனாவைத் தண்ணீரில் அலசி ஒற்றி உலர்த்தித் தரச் சொல்லுங்கள், மை நிரப்பிக் கொடுக்காதீர்கள், முதல் முறை நிரப்புவது அவராக இருக்கட்டும். பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே, எழுதிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் நிப்பை மட்டும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.